ஒரே மரபணு, இரண்டு தொடைகள்: தசை இழை வகைகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2009இல் பெர்லின் மைதானத்தில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடினார். 2022இல் அதே நகரத்துச் சாலைகளில் எலியுட் கிப்சோகே மராத்தானை 2 மணி 1 நிமிடம் 9 நொடியில் முடித்தார். போல்ட் 1.95 மீட்டர் உயரம், 90 கிலோவுக்கு மேல் எடை, திரண்ட தொடைகள். கிப்சோகே 1.67 மீட்டர் உயரம், எடை 50 கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டும். இருவருமே ஓட்டக்காரர்கள்தான். ஆனால் உடலை மட்டும் பார்த்தால் இருவரும் ஒரே விளையாட்டைச் சேர்ந்தவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தடகளப் பயிற்சியில் இருக்கும் எவரிடம் கேட்டாலும் இதற்குத் தசை இழை வகைதான் காரணம் என்பார்கள். குறுந்தூர ஓட்டக்காரரிடம் வேக இழை அதிகம், நெடுந்தூர ஓட்டக்காரரிடம் மெது இழை அதிகம் என்பது அந்தப் பதில். அது சரிதான். 1970களிலேயே தடகள வீரர்களின் கெண்டைக்கால் தசையிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். நல்ல குறுந்தூர வீரர்களிடம் மெது இழை கால் பங்கு அளவுக்கே இருந்தது. தேர்ந்த நெடுந்தூர வீரர்களிடம் அது 70% அளவுக்கு இருந்தது.

ஆனால் இந்தப் பதில் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அந்த இழைகள் பிறவியிலேயே அப்படி இருந்ததால் அவர் மராத்தானுக்குப் போனாரா, ஓடி ஓடி அப்படி ஆயினவா? இழையின் வகை மாறினால் தசை ஏன் பருக்கவோ மெலியவோ வேண்டும்? பல வீரர்களைச் சராசரி எடுத்து ஒப்பிட்டால் முதல் கேள்விக்கு விடை கிடைக்காது, ஏனென்றால் அவர்கள் பிறப்பிலும் வேறு, பயிற்சியிலும் வேறு. பிறப்பு ஒன்றாகவும் பயிற்சி மட்டும் வேறாகவும் இருக்கும் இருவர் வேண்டும். அப்படி ஒரு சோடியைக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இங்கே எழுதுவது அந்த நிகழ்வைத்தான்.

வேக இழை, மெது இழை: சுருக்கமாக

நிகழ்வுக்குப் போகும் முன் இழைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தசை என்பது முடியைப் போன்ற மெல்லிய நீண்ட செல்களின் கட்டு. ஒவ்வொரு செல்லும் ஓர் இழை. இழைக்குள் இருக்கும் மயோசின் என்ற புரதம்தான் இழுக்கிற வேலையைச் செய்கிறது. இந்த மயோசின் மனிதனின் கால் தசைகளில் மூன்று விதமாக இருக்கிறது. அதை வைத்து இழைகளை 1, 2ஏ, 2எக்ஸ் என்று பிரிக்கிறார்கள். 1 மெதுவானது, சீக்கிரம் களைக்காது. 2எக்ஸ் மிக வேகமானது, சில நொடிகளில் ஓய்ந்துவிடும். 2ஏ வேகத்தில் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, பயிற்சி கொடுத்தால் களைப்பையும் ஓரளவு தாங்கும். ஒரே இழையில் இரண்டு வகை மயோசின் கலந்திருப்பதும் உண்டு.

நாட்டுக்கோழி வாங்கி வெட்டும்போது இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். நாள் முழுக்க நடந்து மேயும் தொடைக்கறி சிவந்து கறுத்திருக்கும். ஆபத்து வந்தால் மட்டும் படபடவென்று மேலே எழும்ப உதவும் நெஞ்சுக்கறி வெளிறியிருக்கும். சிவப்பைத் தருவது ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின். மெது இழையில் அதுவும், ஆக்சிஜனைக் கொண்டு செல்லுக்கு ஆற்றல் ஆக்கித் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் நிறைய, சுற்றிலும் இரத்தத் தந்துகிகளும் அதிகம். மனிதத் தசையில் இழைகள் இப்படித் தனித்தனியே ஒதுங்கியிருப்பதில்லை. எல்லா வகையும் ஒரே தசைக்குள் கலந்து கிடக்கும், விகிதம்தான் ஆளுக்கு ஆள் மாறும்.

நிகழ்வு: இரட்டையர் இருவர்

ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டை ஆண்கள். ஆய்வின்போது வயது 52. இளமையில் ஏறத்தாழ ஒரே மாதிரி வளர்ந்தவர்கள், அப்புறம் பாதை பிரிந்தது. ஒருவர் நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கி, 30 ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் ஓடினார். மராத்தான், நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டி வரைக்கும் போனவர். ஓடிய தூரத்தை அவர் குறித்து வைத்திருந்தார். 1993 முதல் 2015 வரை மட்டும் சுமார் 63,000 கிலோமீட்டர். மற்றவர் அவ்வப்போது சிறு நடைப்பயிற்சி, விளையாட்டு என்று எதையாவது செய்திருக்கலாம். முறையான பயிற்சி என்று எதுவும் செய்யவில்லை.

வெளித்தோற்றத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. ஓடியவர் மெலிந்திருந்தார், எடையும் கொழுப்பும் குறைவு. ஓடாதவர் பருமனாக இருந்தார்.

என்ன முடிவெடுத்தார்கள், ஏன்

முதல் முடிவு, வெறும் ஓட்டத் திறனை மட்டும் அளப்பதில்லை என்பது. இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு, ஆக்சிஜன் உள்வாங்கும் திறன், தசையின் தடிமன், காலின் பலம் என்று எல்லாவற்றையும் இருவரிடமும் ஒரே முறையில் அளந்தார்கள். இழை வகையை மட்டும் பார்த்திருந்தால், அது உடலின் மற்ற மாற்றங்களோடு எப்படிச் சேர்கிறது என்பது தெரியாமல் போயிருக்கும்.

இரண்டாவது, தசைத் துண்டு எடுப்பது. இதற்குப் பொதுவாகத் தொடையின் வெளிப்பக்கத் தசையைத் தேர்வார்கள். அங்கே பெரிய இரத்தக் குழாயும் நரம்பும் குறுக்கே வராது. சாதாரண மனிதர்களிடம் அந்தத் தசையில் மெது இழையும் வேக இழையும் ஏறக்குறைய சரிபாதி என்பது இன்னொரு வசதி. கெண்டைக்காலின் ஆழத்தில் இருக்கும் சோலியஸ் தசையை எடுத்தால், நாள் முழுக்க நம்மை நிற்க வைக்கிற தசை என்பதால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அங்கே மெது இழைதான் மிகுந்திருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் இருவருக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று அருகில் பார்ப்போம். தோலை மரத்துப்போகச் செய்து, கத்தியால் சிறு வெட்டு போட்டு, பென்சில் தடிமனுக்குச் சற்றுக் குறைந்த உள்ளீடற்ற ஊசியை உள்ளே விடுவார்கள். ஊசியின் பக்கவாட்டில் ஒரு சன்னல். வெளியிலிருந்து உறிஞ்சும்போது தசை அந்தச் சன்னலுக்குள் வந்து உட்காரும். உள்ளே இருக்கும் கத்தி அதை நறுக்கிவிடும். வெளியே வருவது அரிசி மணி அளவுக்கான சில துண்டுகள். பின்பு நுண்ணோக்கியின் கீழ், மெல்லிய இடுக்கியால் ஒவ்வோர் இழையாகப் பிரித்தெடுக்க வேண்டும். பிரித்த ஒவ்வோர் இழையையும் தனித்தனிக் குழாயில் கரைத்து, ஜெல்லில் ஓடவிட்டுச் சாயமேற்றினால், 1, 2ஏ, 2எக்ஸ் மயோசின் ஒவ்வொன்றும் வேறு வேறு உயரத்தில் கோடாக நிற்கும். ஒரு கோடு தெரிந்தால் தூய இழை, இரண்டு தெரிந்தால் கலப்பு இழை.

துண்டை மெல்லிய தகடாக வெட்டிச் சாயம் பூசிப் பார்ப்பது இதைவிட எளிது, பல ஆய்வகங்கள் அதைத்தான் செய்கின்றன. அந்த முறையில் கலப்பு இழைகளைத் தூய இழையாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. குறிப்பாக 2ஏயும் 2எக்ஸும் கலந்த இழை, தூய 2எக்ஸ் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். பொறுமை வேண்டிய தனி இழை முறைக்கு மதிப்பு கூடுவது இதனால்தான்.

என்ன கண்டார்கள்

ஓடியவரின் தொடையில் 90%க்கும் மேல் மெது இழை. ஓடாத சகோதரரிடம் அது பாதியை ஒட்டியே இருந்தது, மீதம் பெரும்பாலும் வேக இழை. அதாவது ஒரே மரபணுவோடு பிறந்த இரண்டு தொடைகள், ஒன்று உச்ச மராத்தான் வீரரின் தொடை மாதிரியும் மற்றொன்று சாதாரண மனிதரின் தொடை மாதிரியும் ஆகியிருந்தன. இழை விகிதம் பிறப்போடு தீர்மானமாகிவிடும் என்று 1970களில் வெளிவந்த ஓர் இரட்டையர் ஆய்வு ஏறக்குறைய அடித்தே சொன்னது. பின்னாளில் பூஷார் என்ற ஆய்வாளரின் குழுவினர் கணக்கிட்டபோது மரபின் பங்கு சுமார் 45%, சூழலின் பங்கு சுமார் 40%, மீதம் துண்டு எடுப்பதில் வரும் பிழை என்று வந்தது. இந்த நிகழ்வு இரண்டாவது கணக்கின் பக்கம் நிற்கிறது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த முடிவு. இதயம், இரத்தம், ஆக்சிஜன் உள்வாங்கும் திறன் என எல்லாவற்றிலும் ஓடியவர் மேலே இருந்தார். ஆனால் காலின் தசை அளவிலும் பலத்திலும் ஓடாதவர்தான் மேல். 30 ஆண்டு உழைத்த கால், உழைக்காத காலைவிடச் சிறியதாகவும் பலம் குறைந்ததாகவும் இருந்தது. நெடுந்தூர ஓட்டக்காரர் ஏன் மெலிந்திருக்கிறார் என்ற கேள்வி இங்கே முழு உருவத்தோடு முன்னால் நிற்கிறது.

ஏன் இப்படி ஆனது

முதலில் இழை வகை எப்படி மாறும் என்று பார்ப்போம். 1960இல் புல்லர், எக்கிள்ஸ் முதலியோர் பூனையின் வேகத் தசைக்குப் போகும் நரம்பையும் மெதுவான தசைக்குப் போகும் நரம்பையும் வெட்டி, மாற்றி ஒட்டினார்கள். நாளடைவில் வேகத் தசை மெதுவாகவும், மெதுவான தசை வேகமாகவும் சுருங்கத் தொடங்கியது. இழையின் குணத்தை நரம்பு அனுப்பும் துடிப்பின் தாளம் பெருமளவு தீர்மானிக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. நாள்தோறும் மணிக்கணக்கில், தாழ்ந்த அதிர்வெண்ணில், இடைவிடாமல் வரும் துடிப்பு இழையை மெதுவான பக்கம் தள்ளும். இரட்டையரில் ஒருவரின் தொடைக்கு 30 ஆண்டுகளாக அந்த மாதிரித் துடிப்புதான் போய்க்கொண்டிருந்தது.

அடுத்து அளவு. மூளை இழைகளை எல்லாம் ஒரே நேரத்தில் எழுப்புவதில்லை. ஒரு நரம்பும் அது கட்டுப்படுத்தும் இழைகளும் சேர்ந்தது ஓர் அலகு. சிறிய அலகு முதலில், பெரிய அலகு கடைசியில் என்ற வரிசை உண்டு. சிறிய அலகுகளில் மெது இழை, பெரியவற்றில் வேக இழை. நிதானமாக ஓடும்போது வரிசையின் முன்பகுதியே போதும், அதனால் வேக இழைகளுக்குப் பெரும்பாலும் வேலை வராது. முழு வேகத்தில் ஓடும்போதும் பெரிய பாரம் தூக்கும்போதும்தான் கடைசி அலகுகள் எழும்பும். எழும்பாத இழை பருக்காது. குறுந்தூர வீரரின் பாதம் தரையைத் தொடும் நேரம், உச்ச வேகத்தில், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அதற்குள் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தரையில் இறக்க வேண்டும். மெது இழை அந்த நேரத்துக்குள் தன் முழு இழுப்பை எட்டவே முடியாது. ஆகவே பயிற்சி முழுக்க வேக இழைகளின் மேல்தான் விழுகிறது, பருக்கும் திறனும் அவற்றுக்குத்தான் கூடுதல்.

மூன்றாவது காரணத்தைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மெது இழை ஆக்சிஜனை நம்பி வாழ்கிறது. தந்துகியிலிருந்து இழையின் நடுவில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா வரை ஆக்சிஜன் ஊறித்தான் போக வேண்டும். இழை தடித்தால் அந்த வழி நீளும், நடுப்பகுதிக்குப் பற்றாக்குறை வரும். எனவே நெடுந்தூர ஓட்டத்துக்கு மெல்லிய இழைதான் லாபம். வேக இழை அந்தச் சில நொடிகளுக்குத் தனக்குள்ளே சேர்த்து வைத்திருக்கும் கிரியாட்டின் பாஸ்பேட்டையும் கிளைகோஜனையும் வைத்தே சமாளிக்கிறது. ஆக்சிஜன் உடனே வந்து சேர வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை, அதனால் தடிக்க முடிகிறது.

இதற்குச் செல்லுக்குள் ஒரு தடயமும் கிடைத்தது. ஓடிய சகோதரரின் தசையில் ஏஎம்பிகே என்ற புரதம் அதிகம் இருந்தது. செல்லில் ஆற்றல் குறையும்போது விழிக்கும் காவல்காரப் புரதம் அது. விழித்தால் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கச் சொல்லும், புதுப் புரதம் கட்டும் செலவைக் குறைக்கச் சொல்லும்.

ஓடாதவரின் பலத்துக்கு இழை வகை மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் உடல் எடை அதிகம். படி ஏறும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் அந்தக் கூடுதல் பாரத்தை அவர் தொடைதான் தினமும் தூக்கியது. மறுபக்கம் மராத்தான் ஓடுகிறவருக்கு ஒவ்வொரு கூடுதல் கிலோவும் 42 கிலோமீட்டர் தூக்கிச் செல்லும் சுமை. உடலின் வெப்பம் வெளியேறவும் மெலிந்த உடல்தான் வசதி. மெலிவு என்பது இழையின் கதையோடு எடையின் கணக்கும் சேர்ந்தது.

மறுமுனையில் ஒருவர்

மெது முனையை இந்த இரட்டையர் காட்டுகிறார்கள். வேக முனைக்கு இன்னொரு தனி மனித ஆய்வு இருக்கிறது. 2015இல் வெளிவந்த அந்த ஆய்வில், உலக சாம்பியனாக இருந்த ஒரு குறுந்தூர ஓட்ட வீரரின் அதே தொடைத் தசையைத் தனி இழை முறையில் பார்த்தார்கள். 71% வேக இழை. அதில் வியக்க வைத்தது, மொத்த இழைகளில் 24% தூய 2எக்ஸ் என்பது. அந்த 2எக்ஸ் இழைகள் தந்த உச்சத் திறன், அவருடைய 2ஏ இழைகளைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

வியப்பு ஏன் என்றால், கடும் பயிற்சி பொதுவாக 2எக்ஸைக் குறைத்துவிடும். டென்மார்க்கில் ஆண்டர்சனும் ஆகாரும் செய்த ஆய்வில், மூன்று மாத எடைப் பயிற்சியில் 2எக்ஸ் மயோசின் சுமார் 9%இலிருந்து 2%ஆகக் குறைந்தது. பயிற்சியை நிறுத்தி மூன்று மாதம் ஓய்வு கொடுத்ததும் 17% வரை ஏறியது. பயன்படுத்தாத தசைதான் 2எக்ஸ் பக்கம் சாய்கிறது, எந்தப் பயிற்சியும் அதை 2ஏ ஆக்கிவிடுகிறது. அப்படியிருந்தும் பல ஆண்டு கடும் பயிற்சி செய்த சாம்பியனிடம் 24% நின்றது என்றால், அதில் பிறப்பின் பங்கு பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் சமனில்லாத ஒரு படம் தெரிகிறது. மெது பக்கம் போகும் வழி நீண்டது, ஆனால் விடாமல் நடப்பவருக்குத் திறந்திருக்கிறது. வேக முனையின் உச்சிக்குப் போகும் வழியில் பிறப்பு கேட்கும் பங்கு அதிகம்.

இதைத் தொடர்ந்து மைதானத்தில்

மெலிவாக இருக்க வேண்டும், மூச்சும் கூடும் என்று நினைத்து 100 மீட்டர் மாணவர்களைத் தினமும் காலையில் ஆறேழு கிலோமீட்டர் மெதுவாக ஓடவிடும் பழக்கம் நம் பள்ளி மைதானங்களில் இன்னும் இருக்கிறது. மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் அது அவர்களின் நரம்புக்குத் தவறான தாளத்தைச் சொல்லிக் கொடுக்கிற வேலை. 30, 40 மீட்டர் முழு வேக ஓட்டம், இடையில் மூன்று நான்கு நிமிட முழு ஓய்வு, வாரத்தில் இரண்டு நாள் பாரப் பயிற்சி என்பதுதான் கடைசி அலகுகளை எழுப்பும். ஓய்வைக் குறைத்தால் அடுத்தடுத்த ஓட்டங்களில் நேரம் கூடிக்கொண்டே போகும். வேக இழைகள் களைத்து ஒதுங்கிவிட்டன என்பதற்கு நிறுத்துகடிகாரம் தரும் அடையாளம் அதுதான். அன்றைய வேலையை அந்த இடத்தில் முடித்துவிடலாம்.

போட்டிக்கு முந்தைய வாரங்களில் பாரத்தைக் குறைப்பதற்கும் இதில் காரணம் இருக்கிறது. ஓய்வில் 2எக்ஸ் ஏறும் என்பதைத்தான் டென்மார்க் ஆய்வு காட்டியது. அந்த 17%க்கு மூன்று மாதம் ஆனது என்பதால், ஓரிரு வார ஓய்வில் இழை வகை புரண்டுவிடும் என்று எண்ண வேண்டாம். அந்தக் குறுகிய ஓய்வில் பெரும்பாலும் கிடைப்பது களைப்பு தீர்வதுதான்.

நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கும் இரட்டையர் நிகழ்வில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. 50 வயதைத் தாண்டும்போது வேக இழைகள்தான் முதலில் மெலிந்து குறையத் தொடங்கும். ஏற்கெனவே 90% மெது இழையோடு இருப்பவருக்கு, தடுக்கினால் சட்டென்று காலை ஊன்றி நிற்கத் தேவையான பலம் குறைவாகவே மிஞ்சும். வாரத்தில் இரண்டு நாள் பாரம் தூக்கும் பயிற்சியைச் சேர்த்தால் போதும், மராத்தான் ஓட்டம் கெடாது.

மாற்ற வேண்டியவை

இது ஒரே ஒரு சோடி. இருவருக்கும் 20 வயதில் தசைத் துண்டு எடுத்து வைத்திருக்கவில்லை. மரபணு ஒன்று என்பதால் தொடக்கம் ஒன்றாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறோம், அவ்வளவுதான். கருப்பையிலேயே இரட்டையருக்கு இரத்த ஓட்டம் சமமாகக் கிடைக்காமல் போகலாம், பிறந்த எடையும் வேறாக இருக்கலாம். 52 வயது என்பதால் முதுமையின் விளைவும் உள்ளே கலந்திருக்கிறது. ஓடியவரின் வேக இழைகள் மெது இழையாக மாறியதா, அல்லது ஒரு பகுதி அழிந்துபோய் மெது இழை மட்டும் மிஞ்சியதா என்பதை ஒற்றை முறை எடுத்த துண்டால் பிரித்துச் சொல்ல முடியாது. தசையின் மேல்பகுதியிலும் ஆழத்திலும் விகிதம் வேறுபடும் என்பதால், ஒரே இடத்துத் துண்டு முழுத் தொடைக்கும் சாட்சி ஆகாது.

அடுத்து இதே போன்ற சோடி கிடைத்தால் இரண்டு கால்களிலிருந்தும், இரண்டு ஆழத்திலிருந்தும் துண்டு எடுக்க வேண்டும். முடிந்தால் ஓடாதவருக்கு ஓராண்டு ஓட்டப் பயிற்சியும், ஓடியவருக்கு ஓராண்டு பாரப் பயிற்சியும் கொடுத்து மறுபடியும் பார்க்க வேண்டும். ஓடியவரின் தொடையில் அப்போது எந்த வகை இழை தடிக்கிறது என்று தெரிந்தால், மெலிவுக்கு இழையின் வகை எவ்வளவு காரணம், அதற்குக் கிடைக்காத பாரம் எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்லலாம்.